முதுகில் இருப்பதெல்லாம் முதுகுத் தசை அல்ல

மார்பகப் புற்றுநோய்க்காக ஒரு மார்பகத்தை எடுத்துவிட்ட பெண்ணுக்கு, அந்த இடத்தை மறுபடி உருவாக்க அறுவை மருத்துவர்கள் கையாளும் வழிகளில் ஒன்று, முதுகுத் தசை ஒன்றைப் பிரித்து முன்னால் கொண்டுவருவது. அந்தத் தசைக்குப் பெயர் லாட்டிசிமஸ் டோர்சி. முதுகிலேயே அகலமானது அதுதான். இடுப்பெலும்பின் மேல்விளிம்பிலும் கீழ்முதுகின் நடுக்கோட்டிலும் தொடங்கி, மேலே போகப்போகக் குறுகி, அக்குளைச் சுற்றிக்கொண்டு மேற்கை எலும்பில் போய் ஒட்டுகிறது. ஜிம்முக்குப் போகிற பையன்கள் கண்ணாடி முன் விரித்துப் பார்த்துக்கொள்ளும் ‘விங்ஸ்’ இதுதான். அக்குளில் இருக்கும் இரத்தக் குழாயை அறுக்காமல் விட்டு, தசையை மட்டும் முதுகிலிருந்து உரித்தெடுத்து, தோலுக்கு அடியில் வழி செய்து மார்புப் பக்கம் திருப்பிவிடுவார்கள். இத்தாலிய மருத்துவர் இஜினியோ டான்சினி இந்த முறையை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எழுதிவைத்துவிட்டார்.

இவ்வளவு பெரிய தசை போன பிறகு அந்தப் பெண் கூனிப்போக வேண்டும் அல்லவா? போவதில்லை. நேராக நிற்கிறார், நடக்கிறார், குனிந்து நிமிர்கிறார். எதில் குறை தெரிகிறது என்றால் கையில். நாற்காலியின் கைப்பிடியை அழுத்தி உடம்பைத் தூக்கும்போது, நீந்தும்போது, தலைக்கு மேலே இருப்பதைப் பலமாகக் கீழே இழுக்கும்போது கொஞ்சம் வலு குறைந்திருக்கும். அதையும் அக்கம்பக்கத்துத் தசைகள் பெரும்பாலும் ஈடுகட்டிவிடும்.

அதாவது, முதுகின் பெரும்பகுதியை மூடிக்கொண்டிருக்கும் இந்தத் தசை முதுகைத் தாங்குவதற்காக இருப்பதல்ல. அது கைக்குச் சொந்தம். பனையேறி ஒருவர் மரத்தைக் கைகளால் பற்றி உடலை மேலே இழுக்கும்போது வேலை செய்வது இதுதான். அப்படியானால் முதுகைத் தாங்குவது எது?

தோலுக்கு அடியில் முதலில் வருபவை நான்கு தசைகள். மேலே, பின்தலையிலிருந்து முதுகின் நடுவரை இறங்கி, பக்கவாட்டில் தோள்பட்டைவரை விரியும் ட்ரபீசியஸ். கீழே, இப்போது பார்த்த லாட்டிசிமஸ். ட்ரபீசியஸை விலக்கினால், தோள்பட்டை எலும்பைக் கழுத்தோடு பிணைக்கும் லெவேட்டர் ஸ்காபுலேயும், முதுகெலும்போடு பிணைக்கும் ராம்பாய்டுகளும் தெரியும். நான்கும் முதுகெலும்பில் தொடங்கினாலும் முடிவது கையிலோ தோள்பட்டை எலும்பிலோதான். இவற்றுக்கு வரும் நரம்புகளும் அதே கதையைச் சொல்கின்றன. லாட்டிசிமஸுக்கான நரம்பு முதுகுப் பக்கத்திலிருந்து வருவதே இல்லை. கழுத்தில் கையின் நரம்புகளெல்லாம் பின்னிக் கிடக்கும் முடிச்சிலிருந்து பிரிந்து, அக்குள் வழியாக இறங்கி வருகிறது. ராம்பாய்டின் நரம்பும் கழுத்திலிருந்துதான். கருவில் கை முளைத்து வளரும்போது தோன்றிய இந்தத் தசைகள், முதுகின்மேல் பரவிப் படர்ந்தபோது பழைய இடத்து நரம்பைக் கூடவே இழுத்துக்கொண்டு வந்துவிட்டன.

ட்ரபீசியஸின் கதை இன்னும் விசித்திரம். அதை அசைப்பது பதினோராவது மூளை நரம்பு. கழுத்தின் பக்கவாட்டில், தோலுக்குச் சற்றே அடியில் அது ஓடுகிறது. காசநோயால் கழுத்தில் நெறிகட்டிப் பயாப்சி எடுப்பது நம் ஊரில் அடிக்கடி நடப்பது. சின்னக் கீறல், சில நிமிட வேலை. அந்தச் சின்ன வேலையில்தான் இந்த நரம்பு அறுபடும் ஆபத்து இருக்கிறது. அறுபட்டால் என்ன ஆகும்? அந்தப் பக்கத் தோள் தாழ்ந்துவிடும். தோள்பட்டை எலும்பு வெளிப்பக்கமாக நழுவும். கையைப் பக்கவாட்டில் தோள் உயரத்துக்கு மேலே தூக்கத் திணறுவார். கழுத்திலும் தோளிலும் இழுத்துப் பிடிக்கிற வலி விடாது. தலை வாரவும் மேல் அலமாரியிலிருந்து டப்பா எடுக்கவும் கஷ்டப்படுவார். ஆனாலும் முதுகு நேராகவே இருக்கும்.

இதைக் கண்டுபிடிக்காமல் கோட்டைவிடுவது சகஜம். “தோளைக் குலுக்குங்கள்” என்றால் நோயாளி ஓரளவு குலுக்கிக் காட்டிவிடுவார். ஏனென்றால் அடியிலிருக்கும் லெவேட்டர் ஸ்காபுலே வேறு நரம்பில் ஓடுகிறது. அது தோளைத் தூக்கிவிடும். நரம்பு நன்றாக இருக்கிறது என்று எழுதி அனுப்பிவிடுவார்கள். பின்னால் நின்று, சட்டையைக் கழற்றச் சொல்லி, கையைப் பக்கவாட்டில் உயர்த்தச் சொல்லிப் பார்த்தால்தான் தெரியும். தையல் போட்டு நரம்பைச் சேர்ப்பதென்றால் சில மாதங்களுக்குள் செய்தாக வேண்டும் என்பதால் இந்தத் தாமதம் பெரிய இழப்பு.

இந்த மேலடுக்குக்கும் ஆழமான அடுக்குக்கும் நடுவே காகிதக் கனத்தில் இரண்டு தசைகள் உண்டு. விலாவில் ஒட்டுபவை. மூச்சுக்கு உதவும் என்று பாடப்புத்தகம் சொல்கிறது. அந்த வேலை அவற்றுக்குப் பெரிதாக இருப்பதாகத் தெரியவில்லை. நரம்பும் விலா எலும்புகளுக்கு இடையே ஓடும் முன்பக்க நரம்புதான். நாம் இறங்கிப் போகலாம்.

உண்மையான முதுகு

முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள துளைகளிலிருந்து இரு பக்கமும் 31 ஜோடி நரம்புகள் வெளியே வருகின்றன. வெளியே வந்த உடனே ஒவ்வொன்றும் இரண்டாகப் பிரியும். தடித்த கிளை முன்னால் போய் கை, கால், வயிறு, விலா என்று எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறது. மெல்லிய கிளை ஒன்று பின்னால் திரும்புகிறது. இந்தப் பின்கிளையால் இயங்கும் தசைகள் மட்டுமே உண்மையான முதுகுத் தசைகள். அதை உடற்கூறியலில் ஒரு வரையறை என்றே வைத்துக்கொள்ளலாம். எந்தத் தசை எங்கே கிடக்கிறது என்பதைவிட எந்த நரம்பு அதற்குப் போகிறது என்பதே நம்பகமான அடையாளம்.

மீன் வாங்கும்போது குறுக்கே வெட்டிய வஞ்சிரத் துண்டைக் கவனித்தால் இந்தப் பிரிவினையைக் கண்ணால் பார்க்கலாம். நடுமுள்ளுக்கு மேலே இருக்கும் சதை பின்கிளைச் சதை. கீழே வயிற்றுப் பக்கம் இருப்பது முன்கிளைச் சதை. மீனுக்குப் பாதிக்குப் பாதி. நமக்குக் கையும் காலும் முளைத்து முன்கிளைக்காரர்கள் எங்கும் பரவிவிட்டதால், பின்கிளைச் சதை முதுகெலும்பின் இரு ஓரமும் நெருங்கி, மற்றவற்றுக்கு அடியில் புதைந்துவிட்டது.

புதைந்து கிடப்பதிலும் அடுக்குகள் உண்டு. கழுத்தின் பின்புறத்தில் மட்டும் ஸ்ப்ளீனியஸ் என்றொரு தசை கட்டுப்போட்டதுபோல் சுற்றிக் கிடக்கிறது. அதற்கு அடியில் இடுப்பிலிருந்து தலைவரை நீளும் இரண்டு பட்டைகள். கீழ்முதுகில் நடுக்கோட்டின் இரு பக்கமும் விரலை அழுத்திக்கொண்டு கொஞ்சம் முன்னால் சாய்ந்தால், கெட்டியாகப் புடைத்து வருமே, அதுதான் எரெக்டர் ஸ்பைனே. பெயருக்கு ஒன்று என்றாலும் உள்ளே மூன்று நெடுவரிசைகள்: வெளியே விலாவைப் பிடித்தபடி ஒன்று, நடுவில் நீளமானது ஒன்று, நடுக்கோட்டை ஒட்டி மெல்லியது ஒன்று. ஒரே நார் பல முள்ளெலும்புகளைத் தாண்டிப் போகும். அதனால் முதுகை மொத்தமாக நிமிர்த்தும் பலம் அதற்கு உண்டு. ஒரு குறிப்பிட்ட எலும்பை மட்டும் பிடித்து நிறுத்தும் நுட்பம் கிடையாது.

அந்த நுட்பம் அதற்கும் அடியில் இருக்கும் மல்டிஃபிடஸுக்கு இருக்கிறது. ஒரு முள்ளெலும்பின் பின்முனையில் தொடங்கி, சாய்வாக இறங்கி, இரண்டு மூன்று எலும்புகள் தள்ளி முடியும் குட்டி நார்க்கற்றைகள். கீழ்முதுகில் மிகக் கனமாகவும் மேலே போகப்போக மெலிந்தும் இருக்கும். இதற்கு வரும் நரம்பின் ஒழுங்கு ஆச்சரியமானது. கீழ்முதுகில் ஒரு முள்ளெலும்பிலிருந்து கிளம்பும் மல்டிஃபிடஸ் நார்கள் அத்தனைக்கும், அதே முள்ளெலும்புக்கு அடியில் வெளிவரும் நரம்பின் பின்கிளைதான் கட்டளை தருகிறது. ஓர் எலும்பு, அதற்கு ஒரு தொகுதி நார்கள், அதற்கு ஒரே நரம்பு. ஐந்து முள்ளெலும்புகளையும் தனித்தனியே சிறிது சிறிதாகத் திருத்திக்கொண்டே இருக்க இது வசதி. ஆனால் அந்த ஒரே நரம்பு கெட்டால் மாற்றாள் கிடையாது.

மருத்துவர்களுக்கு இந்த ஏற்பாடு ஒரு சோதனைக் கருவியாகவும் உதவுகிறது. ஒருவருக்குக் கால் பாதம் தொங்கிவிட்டது, செருப்பு தரையில் இழுபடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஐந்தாவது இடுப்பு நரம்பின் வேரை டிஸ்க் அழுத்தியிருக்கலாம். அல்லது சம்மணமிட்டு வெகுநேரம் உட்கார்ந்ததில் முழங்காலின் வெளிப்பக்கத்தில் நரம்பு நசுங்கியிருக்கலாம். காலை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒரேபோல் தோன்றும். கீழ்முதுகின் ஆழ்தசையில் மெல்லிய ஊசியைச் செருகி மின்னலையைப் பதிவு செய்தால் வித்தியாசம் புரியும். பின்கிளை பிரிவது முதுகுத்தண்டின் வாசலிலேயே. முதுகுத் தசையிலும் நரம்பிழந்த அறிகுறி தெரிந்தால் கோளாறு அந்தப் பிரிவுக்கு முன்னால், வேரில். முதுகுத் தசை நன்றாக இருந்தால் முழங்காலைச் சந்தேகிக்கலாம். முதல் சில நாட்களில் எதுவும் தெரியாது, வயதானவர்களிடம் நோயில்லாமலே சில அலைகள் தோன்றும் என்பதால் ஊசியை மட்டும் நம்பி முடிவெடுப்பதில்லை.

மேலடுக்கை எடுத்தும் முதுகு நின்றது. ஆழ்தசை கைவிட்டால்? முதல் உலகப் போர்க்காலத்தில் இடுப்பிலிருந்து முன்னால் வளைந்து நடந்த சிப்பாய்களைப் பிரெஞ்சு மருத்துவர்கள் கண்டார்கள். அதற்குக் காம்ப்டோகார்மியா என்று பெயர் வைத்து, மனக் கோளாறு என்று முடிவு கட்டினார்கள். இன்று பார்கின்சன் நோயிலும், சில தசை நோய்களிலும் இதே வளைவைப் பார்க்கிறோம். நிற்கும்போதும் நடக்கும்போதும் முன்னால் மடிகிற இந்த நோயாளி, படுக்கையில் படுத்தால் தட்டையாகப் படுத்துவிடுவார். எலும்பு வளைந்திருந்தால் படுத்தாலும் வளைவு போகாது. இந்த ஒரே சோதனையில் குற்றவாளி எலும்பா தசையா என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

இருபது லிட்டர் கேன்

நேராக நிற்கும்போது முதுகுத் தசைகள் பாடுபடுகின்றன என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். ஊசி வைத்துப் பார்த்தவர்கள் கண்டது வேறு. சீராக நிற்பவரின் உடல் எடை முதுகெலும்புக்கு அருகிலேயே இறங்குவதால் எரெக்டர் ஸ்பைனே அரைத்தூக்கத்தில் இருக்கும். உடல் முன்னால் சாயும்போது மட்டும் விட்டுவிட்டு விழிக்கும். விறைப்பாக நெஞ்சை நிமிர்த்தி நிற்கிற அட்டென்ஷன் நிலை, முதுகைப் பொறுத்தவரை வீண் செலவு.

செலவு ஏறுவது குனியும்போது. அறுபது கிலோ எடையுள்ள ஒருவர், வாசலில் இறக்கிய 20 லிட்டர் தண்ணீர் கேனைக் குனிந்து தூக்குகிறார். இடுப்புக்கு மேலே உள்ள உடலின் எடை சுமார் 35 கிலோ. குனிந்த நிலையில் அதன் மையம் கீழ்முதுகின் டிஸ்க்கிலிருந்து 25 சென்டிமீட்டர் முன்னால் இருக்கிறது. கேன் 20 கிலோ, 40 சென்டிமீட்டர் முன்னால். எடையைத் தூரத்தால் பெருக்கினால் முதலாவது 875, இரண்டாவது 800. கூட்டினால் 1,675. இத்தனையையும் பின்னாலிருந்து எதிர்த்து இழுக்கும் தசை, டிஸ்க்கின் மையத்திலிருந்து வெறும் ஐந்து சென்டிமீட்டர் தூரத்தில்தான் இருக்கிறது. 1,675-ஐ ஐந்தால் வகுத்தால் 335. இருபது கிலோ கேனுக்கு முதுகுத் தசை 335 கிலோ எடைக்குச் சமமாக இழுக்க வேண்டியிருக்கிறது. அந்த இழுவையின் அழுத்தம் முழுவதும் டிஸ்க்கின்மேல் விழும்.

அதே ஆள் முழங்காலை மடக்கி, கேனை வயிற்றோடு அணைத்துத் தூக்கினால் உடலின் மையம் 15 சென்டிமீட்டருக்கும் கேன் 25 சென்டிமீட்டருக்கும் வந்துவிடும். கணக்குப் போட்டால் 205 கிலோ. இவை தோராயமான எண்கள். ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் எது எதைக் குறைக்கிறது என்பது தெளிவு. எடையைக் குறைக்க முடியாது, தூரத்தைக் குறைக்கலாம். முழங்காலை மடக்கு என்று எல்லோரும் சொல்கிறார்கள். மடக்கியும் கேனைக் கைநீட்டிப் பிடித்தால் பாதிப் பலன் போச்சு.

இதில் இன்னொரு சூட்சுமமும் உண்டு. 1950-களில் இங்கிலாந்தில் ஃபிளாய்டும் சில்வரும் குனிபவர்களின் முதுகில் மின்னலையைப் பதிவு செய்தார்கள். குனியத் தொடங்கியதும் எரெக்டர் ஸ்பைனே உரக்க வேலை செய்தது. முழுவதும் குனிந்து தொங்கும் நிலை வந்ததும் சட்டென்று அடங்கிவிட்டது. அந்த இடத்தில் எடையை ஏந்துபவை முள்ளெலும்புகளைக் கட்டியிருக்கும் தசைநார்களும் இழுபட்ட திசுக்களும்தான். நாற்று நடுபவர்கள் மணிக்கணக்கில் குனிந்தே இருக்க முடிவதற்கு இந்த ஓய்வும் ஒரு காரணம். நீண்டநாள் முதுகுவலி உள்ளவர்கள் பலரிடம் இந்த அடக்கம் வருவதில்லை. முழுக்கக் குனிந்த பிறகும் தசை இறுகிக்கொண்டே இருக்கிறது. வலிக்கும் இடத்தை அசையவிடாமல் காக்கிற முயற்சியாக இருக்கலாம். அதற்கு விலையாகத் தசை ஓயாமல் களைக்கிறது.

ஆனால் தசைநார்களை நம்பியே வெகுநேரம் கிடந்தால் அவை சற்றே நீண்டு தளர்ந்துவிடும். இருபது நிமிடம் முழுக்கக் குனிந்து உட்கார்ந்தவர்களுக்கு, எழுந்து இரண்டு நிமிடம் கழித்தும் பாதித் தளர்ச்சிதான் சரியாகியிருந்தது என்று கனடாவில் ஸ்டூவர்ட் மெக்கில் குழு கண்டது. லாரி ஓட்டுநர் இறங்கிய கையோடு மூட்டையைத் தூக்குவது இதனால்தான் ஆபத்து. சில நிமிடம் நடந்துவிட்டுத் தூக்கலாம்.

வலி போனது, தசை வரவில்லை

நம் கேன்காரருக்குத் தூக்கும்போது ‘சுருக்’கென்றது. வலது பக்கக் கீழ்முதுகு பிடித்துக்கொண்டது. வாயுப் பிடிப்பு என்று தைலம் தடவினார், இரண்டு நாள் படுத்தார். மூன்று வாரத்தில் வலி போய்விட்டது. அவர் கணக்கில் விஷயம் முடிந்தது.

ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தின் ஜூலி ஹைட்ஸ் குழு 1990-களில் இப்படிப்பட்டவர்களின் முதுகை அல்ட்ராசவுண்டில் பார்த்தது. முதல்முறையாக ஒரு பக்கம் வலி வந்தவர்களில், வலித்த பக்கத்து மல்டிஃபிடஸ் மெலிந்திருந்தது. முதுகு முழுக்க அல்ல; பெரும்பாலும் வலித்த அந்த ஒரே முள்ளெலும்பின் மட்டத்தில். சோம்பிக் கிடந்ததால் மெலிந்தது என்று சொல்ல முடியாது. நாள்கள் போதவில்லை, மெலிவும் ஒரே இடத்தில். வலிக்கும் மூட்டிலிருந்து வரும் செய்தி தண்டுவடத்திலேயே அந்தத் தசையை அடக்கிவிடுகிறது என்பது ஹைட்ஸின் விளக்கம். ஒரு முள்ளெலும்புக்கு ஒரு நரம்பு என்ற ஏற்பாட்டை நினைத்துப் பார்த்தால் இது பொருந்துகிறது.

அடுத்து 39 பேரை வைத்துச் செய்த ஆய்வில், நான்கு வாரத்தில் இரு குழுக்களிலும் வலி கிட்டத்தட்டப் போய்விட்டது. மல்டிஃபிடஸுக்கென்றே தனிப் பயிற்சி செய்த குழுவுக்குத் தசையும் திரும்பியது. மற்றவர்களுக்குப் பத்தாவது வாரத்திலும் திரும்பவில்லை. ஓராண்டில் மறுபடி வலி வந்தவர்கள் பயிற்சிக் குழுவில் நூற்றுக்கு 30 பேர், மற்றதில் 84 பேர். ஆய்வு சிறியது, இந்த ஒரு எண்ணிக்கையை வைத்து எல்லா முதுகுவலிக்கும் தீர்ப்பு எழுதிவிட முடியாது. வேறு பயிற்சிகளும் ஏறக்குறைய இதே பலனைத் தருவதாகப் பின்வந்த ஆய்வுகள் பல சொல்கின்றன. ஆனால் வலி போனதும் தசை தானே வந்துவிடும் என்ற நம்பிக்கையை அது கலைத்துவிட்டது.

பயிற்சியில் பாரம் தேவையில்லை. குப்புறப் படுத்தபடி, இடுப்பெலும்புக்குச் சற்று மேலே நடுக்கோட்டுக்கு இரு பக்கமும் பிசியோ விரல் வைப்பார். முதுகை அசைக்காமல், மூச்சைப் பிடிக்காமல், அந்த விரல்களுக்கு அடியில் மட்டும் தசையை மெதுவாகப் புடைக்கச் செய்ய வேண்டும். ஒரு பக்கம் புடைத்து மறுபக்கம் தொளதொளவென்று இருந்தால் வேலை எங்கே என்பது தெரிந்துவிடும். அது பிடிபட்ட பிறகு கை, முழங்கால் ஊன்றி, எதிரெதிர் கையையும் காலையும் நீட்டி, பத்து வினாடி நிறுத்தி இறக்குவது. இடுப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தாலோ நடுமுதுகு பள்ளமாகத் தொங்கினாலோ ஆழ்தசை விட்டுக்கொடுத்து மேல்தசை ஏமாற்றுகிறது என்று பொருள். காலைக் குறைவாக நீட்டித் தொடங்கலாம். எழுபது கிலோ இழுக்கும் ஜிம் பையன் இந்த இடத்தில் ஆடுவதும், சத்தமில்லாத அத்தை ஒருவர் ஆடாமல் நிறுத்துவதும் பிசியோ அறைகளில் நடப்பதுதான்.

இதெல்லாம் சாதாரணப் பிடிப்புக்கு. வலி முழங்காலைத் தாண்டிப் பாதம்வரை இறங்கி மரத்துப்போனால், காய்ச்சலோ காரணமில்லாத எடைக்குறைவோ கூடவே வந்தால் பயிற்சியைத் தொடங்கும் முன் மருத்துவரைப் பார்க்க வேண்டும். முதுகுவலியோடு சிறுநீர் கழிக்க முடியாமல் போனாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ முதுகெலும்புக்குள் இருக்கும் நரம்புக் கற்றை மொத்தமாக நசுங்குகிறது என்று அர்த்தம் கொள்ளலாம். விடியட்டும் என்று காத்திராமல் அன்று இரவே எம்.ஆர்.ஐ. வசதியுள்ள மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.